தனியாகச் சொல்வதா, அங்கேயே தடுப்பதா?

கோவையில் ஒரு லேத் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். அங்கே மூத்த டர்னர் ஒருவர், ஜாப் கெட்டுப்போனால் பக்கத்தில் இருப்பவனை "சண்டாளப் பயலே" என்பார். அவருக்கு அது வெறும் வசவு. ஆனால் அது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். வசையாகவோ கேலியாகவோ அதைச் சொல்ல வேண்டாம் என்று 2024-ல் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையமே அறிவுறுத்தியது. எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு கூசும்.

முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்துபோவது பயன்படவில்லை, அவர் அதைக் கவனிக்கவே இல்லை. முதலாளியிடம் போவது கடைசி வழி. மிச்சம் இரண்டு: எல்லோர் முன்னாலும் அந்த நிமிடமே சொல்வது, அல்லது தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது.

முதலில் அங்கேயே சொல்லிப் பார்த்தேன். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் நாலு பேர் திரும்பிப் பார்த்ததும், "இதெல்லாம் சும்மா பேச்சு வழக்கு தம்பி" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் விளக்கப் போக, அது வாதமாகிவிட்டது. அடுத்த வாரம் வேண்டுமென்றே என்னைப் பார்த்துச் சொன்னார்.

அப்புறம்தான் தனி வழி. டீ குடிக்கப் போனபோது சொன்னேன்: "அண்ணா, நீங்க மனசுல வெச்சுச் சொல்லலைன்னு தெரியுங்க. அது ஒரு சாதியோட பேரு. என் முன்னாடி அந்த வார்த்தை வேண்டாங்க." அதோடு நிறுத்திக்கொண்டேன். "தப்பா எடுத்துக்காதீங்க" என்று சேர்க்கவில்லை. சேர்த்தால் கேட்டது வேண்டுகோளாகிவிடும், அவரும் "எடுத்துக்கலை" என்று சொல்லிவிட்டுப் பழையபடி பேசுவார். சாதிப் பெயர் என்பது தெரியாது என்றார், சரி என்றார்.

தனியாகச் சொன்னதன் பலன் இரண்டாம் முறைதான் தெரிகிறது. பழகிய நாக்கு ஒரே நாளில் மாறாது. மூன்றாம் நாளே மறுபடி வந்துவிட்டது. "அண்ணா, அந்த வார்த்தை" என்றேன், அவ்வளவுதான். காரணம் முன்பே பேசியாகிவிட்டதால் விளக்க வேண்டியதில்லை. டீ நேரத்தில் பேசியது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்பதால் அவர் யார் முன்னும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுமில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு "சரி சரி" என்று வேலையைத் தொடர்ந்தார். அந்த மாதத்தில் ஐந்தாறு தடவை அதே மூன்று சொற்களை, அதே குரலில் சொல்லியிருப்பேன். ஒரு நாள் விட்டுவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பதால் விடவில்லை. இப்போது "மடப்பயலே" என்கிறார். அதையும் நிறுத்தச் சொல்லலாம், ஆனால் அது வேறு கணக்கு.

வார்த்தை யாரையாவது நேராகக் குத்தினால் மட்டும் டீ நேரம் வரை காத்திருக்கக் கூடாது, அங்கேயே தடுக்க வேண்டும். குத்துப்பட்டவருக்குத் தெரிகிற மாதிரி ஒருவர் பேசியாக வேண்டும்.

இவர் எனக்கு மேலதிகாரி இல்லை. சம்பளம் கொடுப்பவரே இப்படிப் பேசினால் இந்த வழி நடக்குமா என்பதை நான் பார்த்ததில்லை.