சத்தம் எங்கே என்று கேட்காமலே ஸ்பேனரை எடுக்கிற பட்டறைகள் - ஜாக்கிரதை

காரில் ஏதோ சத்தம் என்று பட்டறைக்குப் போகப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என் பணம் போய்விட்டது, உங்களுடையதாவது மிஞ்சட்டும்.

என் காரில் ஓடும்போது 'ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். 50-ல் லேசாகக் கேட்கும், 80-ஐத் தொட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டும். பட்டறையில் இதைச் சொன்னேன். அங்கே இருந்தவர் வேலைச் சீட்டில் 'முன்பக்கம் சத்தம்' என்று இரண்டே வார்த்தை எழுதிக்கொண்டார். எந்த வேகத்தில், திரும்பும்போதா நேராகப் போகும்போதா, எதையும் கேட்கவில்லை. வண்டியை ஓட்டிப் பார்க்கவும் இல்லை. மாலையில் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் புதிது, பில் தயார்.

சத்தம் அப்படியே இருந்தது. திரும்பப் போனேன். இந்த முறை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். "ஆட்டமே இல்ல சார், பேரிங் நல்லாத்தான் இருக்கு. கியர் பாக்ஸ்தான் போயிருக்கு, இறக்கணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அப்புறம் போன இடத்தில் இருந்த மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. "நின்ன இடத்துல ஆக்சிலரேட்டரை மிதிச்சா இந்தச் சத்தம் வருதா தம்பி?" என்றார். வராது என்றேன். "சரி, அப்போ இன்ஜினை விட்டுடலாம். சாவியைக் குடுங்க, நீங்களும் ஏறுங்க" என்றார்.

ஆள் இல்லாத நேர்ச் சாலையில் 70 வந்ததும் ஒரு நொடி நியூட்ரலுக்கு மாற்றினார். இன்ஜின் வேகம் இறங்கியது, இரைச்சல் இறங்கவில்லை. சத்தம் இன்ஜினோடு அல்ல, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. (இதை நீங்களே செய்து பார்த்தால் சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக்கும் கல்லாகிவிடும்.) ஆனால் நியூட்ரலில், கியர் பாக்ஸுக்குள் இருந்து இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதனால் இதை வைத்து மட்டும் கியர் பாக்ஸை விட்டுவிட முடியாது என்று அவரே சொன்னார்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். அதே வேகத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக வலப்பக்கம் சாய்த்தார், இரைச்சல் ஏறியது. இடப்பக்கம் சாய்த்தார், ஏறக்குறைய அடங்கியே போனது. வலப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களில் இறங்கும். பாரம் ஏறும்போது கத்துவது பெரும்பாலும் அந்தப் பக்கத்து வீல் பேரிங்தான். டயர் இரைச்சல் என்றால் சாலையின் தளம் மாறும்போது சத்தமும் மாறும், டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் சத்தமும் கூடவே இடம் மாறும். இது அப்படி இல்லை.

அதற்காக உடனே பேரிங்கைக் கழற்றவும் இல்லை. காருக்குள் கேட்கும் சத்தம் பக்கத்தை மாற்றிக் காட்டும் என்று சொல்லி, வண்டியைத் தூக்கி, ஒரு கையால் காயில் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றினார். என்னையும் தொடச் சொன்னார். வலப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. இடப்பக்கம் ஸ்பிரிங்கில் நறநறவென்று விரல் நுனிக்கே தெரிந்தது. ஆட்டம் அதிலும் இல்லை. பேரிங்குக்குள் குண்டுகள் உருளும் தடம் முதலில் சொரசொரப்பாகும், ஆட்டம் வருவது அதற்கும் பிறகுதான். ஆட்டிப் பார்த்து ஆட்டம் இல்லை என்பதற்காகப் பேரிங் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பட்டறை, தெரியாமல் சொன்னதோ தெரிந்தே சொன்னதோ, என் கியர் பாக்ஸை இறக்கப் பார்த்தது. அந்தப் பேரிங்கோடு நான் இன்னும் ஓட்டியிருந்தால் சக்கரமே ஆட ஆரம்பித்திருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

இடது முன் பேரிங்கை அழுத்தும் மெஷினில் வைத்து மாற்றினார். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதுப் பேரிங்கும் அடிபட்டு, சீக்கிரமே கத்த ஆரம்பித்துவிடும். முடிந்ததும் மறுபடி அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிக் காட்டினார். சத்தம் போயே போச்சு.

பழைய பட்டறையில் ஷாக் அப்சார்பர் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கழற்றிய பழசையாவது காட்டுங்கள் என்றேன், தூக்கிப் போட்டாச்சாம். "அது தேஞ்சிருந்துச்சு, அதான் மாத்தினோம். சத்தத்துக்காகன்னு நாங்க சொல்லவே இல்லையே" என்றார்கள். சீட்டில் இருந்த அந்த இரண்டு வார்த்தையை வைத்து என்னால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. நீங்கள் போனால், '50-க்கு மேல் இரைச்சல், வலப்பக்கம் வளைந்தால் கூடுகிறது, இந்த வேலை இந்தச் சத்தத்துக்காக' என்று சீட்டிலேயே எழுத வைத்து, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் காதிலும் சத்தம் விழுந்த பிறகே சாவியைக் கொடுங்கள்.