பொதுக் கல்லாவா, ஷிப்டுக்கு ஒருவர் கல்லாவா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் உள்ள சலூன்களில் பெரும்பாலும் ஒரே கல்லாதான். முடி வெட்டியவரே காசை வாங்கிப் போட்டுச் சில்லறை கொடுப்பார், முதலாளி ராத்திரி எண்ணுவார். இதற்கு மாற்று, ஒரு ஷிப்டில் ஒருவர் மட்டுமே கல்லாவைத் தொடுவது. எங்கள் தேர்வு இரண்டாவது. காசே வேண்டாம், கியூஆர் மட்டும் போதும் என்பவர்களும் உண்டு. வயதான வாடிக்கையாளர்கள் நோட்டைத்தான் நீட்டுவார்கள் என்பதால் அது முழுத் தீர்வாகாது. மேலும் கடையின் கியூஆர் அட்டைக்குப் பதிலாக வேறொருவருடைய அட்டையை நீட்டுவதும் நடக்கக்கூடியதே.

பொதுக் கல்லாவின் லாபம் வேகம். தீபாவளி வாரத்தில் நாற்காலிகள் நிறைந்திருக்கும்போது யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ராத்திரி 35 வெள்ளி குறைந்தால், கடையில் இருந்த ஆறு பேருமே சந்தேகத்தில் நிற்பார்கள். நேர்மையானவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. தான் எடுக்கவில்லை என்று காட்ட அவரிடம் எதுவும் இருக்காது.

ஷிப்டுக் கல்லாவில் அந்தச் சான்று கையிலேயே இருக்கிறது. காலையில் 200 வெள்ளிச் சில்லறையை இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். பத்து வெள்ளி நோட்டு 8, ஐந்து வெள்ளி 12, ஒரு வெள்ளி 50, ஐம்பது காசு 20 என்று வைத்தால் சரியாக வரும். டிப்ஸ் பணத்துக்குத் தனி டப்பா வேண்டும். அது கல்லாவில் கலந்தால் கணக்கு கூடிக் காட்டும்.

ஆனால் கல்லாவைப் பூட்டுவதால் மட்டும் காசு காப்பாற்றப்படுவதில்லை. சலூனில் பெரிய ஓட்டை, பதிவாகாத வேலைதான். திரெடிங்குக்குப் பொருள் செலவு நூல் மட்டுமே. சாயம் என்றால் டியூப்பை எண்ணிப் பார்க்கலாம், நூலை யார் எண்ணுவது? காசு கல்லாவுக்கே வராமல் பைக்குள் போனால், ராத்திரிக் கணக்கு ஒரு காசும் பிசகாது. அதனால் என்ன வேலை, எவ்வளவு தொகை என்ற சீட்டைக் காசு வாங்கும்போது எழுதக்கூடாது, வாடிக்கையாளர் உட்காரும் முன்பே எழுதிவிட வேண்டும். வரிசை எண் அச்சிட்ட இரட்டைப் பிரதிப் புத்தகம் போதும். ஒரு பிரதி கண்ணாடியில் செருகப்பட்டு, வேலை முடிந்ததும் கல்லாவுக்கு வரும். மூன்று நாற்காலியில் ஆள் இருந்தால் மூன்று கண்ணாடியிலும் சீட்டு இருக்க வேண்டும். முதலாளி நடந்து போகும்போது ஒரு பார்வையில் தெரிந்துவிடும், யார் பையையும் திறக்க வேண்டியதில்லை. கிழிந்த சீட்டின் இரண்டு பிரதிகளையும் புத்தகத்திலேயே வைக்க வேண்டும். எண் விடுபட்டால் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.

ஷிப்டு முடிவில் கல்லாக்காரர் முதலில் எண்ணித் தொகையை எழுதுவார். இருக்க வேண்டிய தொகை எவ்வளவு என்பது அவருக்குப் பிறகுதான் சொல்லப்படும். முன்பே தெரிந்தால், குறைந்த ஐந்து வெள்ளியைத் தன் பணத்தில் போட்டுச் சரிசெய்வார், கூடினதை எடுத்து ஒதுக்குவார். இரண்டிலும் உண்மைக் கணக்கு மறைந்துபோகும். தொடர்ந்து கூடி வருவதும் நல்லதல்ல. சீட்டுப் போடாத வேலையின் காசு பிறகு எடுக்கக் கல்லாவில் தங்கியிருக்கலாம்.

ஓர் உதாரணம். சீட்டுகளின் மொத்தம் 742 வெள்ளி, அதில் கியூஆர் என்று குறித்தவை 318. மீதி 424 ரொக்கம். துண்டு துவைக்க ரசீதுடன் 12 வெள்ளி கொடுத்தாயிற்று. ஆக 200 + 424 − 12 = 612 இருக்க வேண்டும். எண்ணியதோ 577, குறைவு 35. வங்கிச் செயலியில் கியூஆர் வரவைப் பார்த்தால் 353, அதே 35 கூடுதல். ஒரு சீட்டில் கியூஆர் என்று குறிக்க வேண்டியதை ரொக்கம் என்று குறித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குறைவு 9 ஆல் வகுபட்டால் 63 ஐ 36 என்று எழுதிய பிழையாகவும் இருக்கலாம். 40 குறைந்தால், பத்து வெள்ளி நோட்டுக்குப் பதில் ஐம்பது வெள்ளி நோட்டைச் சில்லறையாகக் கொடுத்திருக்கக்கூடும். இதையெல்லாம் பார்த்த பிறகே கேள்வி கேட்க வேண்டும், அதுவும் தனியாக அழைத்து.

ஐந்து வெள்ளிக்குள் என்றால் புத்தகத்தில் குறித்துவிட்டு விடுங்கள். ஒருவர் ஷிப்டில் மட்டும் வாராவாரம் குறைந்தால்தான் அது விஷயம். குறைந்ததைச் சம்பளத்தில் பிடிப்பது பலரின் பழக்கம். ஆனால் 1955 வேலைச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு, எந்தெந்தப் பிடித்தம் செல்லும் என்று வரையறுத்திருக்கிறது. கல்லாக் குறைவை முதலாளி தன் விருப்பத்துக்குப் பிடித்துக்கொள்ள முடியாது.

சீட்டு விதி முதலாளிக்கும்தான். சாப்பாட்டுக்கு 50 வெள்ளி எடுத்தாலும் சீட்டு எழுதித்தான் எடுக்க வேண்டும். பல கடைகளில் காரணம் தெரியாத குறைவு இங்கிருந்தே தொடங்குகிறது. அவர் எழுதிவிட்டு எடுப்பதைப் பார்க்கும் பணியாளருக்கு, சீட்டு தன்னை நம்பாததால் வந்ததாகத் தோன்றாது.

இரண்டு பேர் மட்டுமே உள்ள கடையிலும், கல்யாண மேக்கப்புக்கு வெளியே போகும் வேலையிலும் ஷிப்டுக் கல்லா பொருந்தாது. அங்கே முன்பணத்தைக் கியூஆரில் வாங்குவதும், உட்காரும் முன் சீட்டு எழுதும் பழக்கமும் மட்டுமே மிஞ்சும்.