வாட்ஸ்அப்பில் ஒரு வரி, மெயிலில் முழுப் பதில்

ரெக்ரூட்டர் மெயிலில் நேர்காணலுக்கு இரண்டு நேரம் கொடுத்து, சம்பள எதிர்பார்ப்பும் நோட்டீஸ் காலமும் கேட்கிறார். பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பிலும் "மெயில் பார்த்தீங்களா?" என்று வருகிறது. எதில் பதில் சொல்வது?

சாட்டின் பலம் வேகம்தான். ஆனால் அது அவருடைய போனோடு நின்றுவிடும், நேர்காணல் எடுக்கப்போகிறவர் கண்ணில் படாது. மெயில் மெதுவானதுதான், ஆனால் சிசியில் இருக்கும் எல்லோருக்கும் போகும், ரெக்ரூட்டர் பாதியில் மாறினாலும் தேடினால் கிடைக்கும்.

நான் ஒருமுறை சாட்டில் "செவ்வாய் 11 மணி சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு மெயிலை அப்படியே விட்டேன். காலண்டர் அழைப்பு புதன் 3 மணிக்கு வந்தது! மெயிலில் பதில் இல்லாததால் நேர்காணல் எடுக்கும் மேலாளர் தனக்கு வசதியான நேரத்தைப் போட்டுவிட்டாராம்.

இப்போது சாட்டில், "பார்த்தேன், செவ்வாய் 11 மணி எனக்குச் சரி, மற்ற விவரங்களை மாலைக்குள் மெயிலில் அனுப்புகிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மெயிலில் அதே பழைய தொடரில், புதிதாக ஆரம்பிக்காமல், ரிப்ளை ஆல் கொடுத்து அதே நேரத்தை மறுபடி எழுதுவேன். சம்பளம், நோட்டீஸ் 60 நாள், ரெஸ்யூமே எல்லாம் அங்கேதான். சாட்டில் தொகை கேட்டால்? "மெயிலில் இருக்கிறது", அவ்வளவுதான். நேர்காணலன்று லிங்க் திறக்கவில்லை என்றால் மட்டும் முதலில் சாட்.