மூன்று ஸ்ரிங்குக்கு எது பொருத்தம்: வை-கனெக்டரா, பியூஸ் பெட்டியா, தனி எம்பிபிடியா?

பரந்தன் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் தகரக் கூரையில் 550 வாற் பனல் 45 பூட்டப்போவதாக வைத்துக்கொள்வோம். தொடராக இணைத்த 15 பனல் ஒரு ஸ்ரிங், ஆக மூன்று ஸ்ரிங். கொட்டேசன் கேட்டால் மூன்று விதமாக வரும். வை-கனெக்டர் போட்டு மூன்றையும் கூரையிலேயே சேர்த்து ஒரே சோடி வயரில் இறக்கலாம் என்பார் ஒருவர். பியூஸ் வைத்த கொம்பைனர் பெட்டி கட்டாயம் என்பார் இன்னொருவர். எம்பிபிடி எனப்படும், பனல்களின் உச்ச சக்தியைத் தேடி எடுக்கும் உள்ளீடு இரண்டு உள்ள இன்வேட்டரை எடுத்து, ஒன்றில் இரண்டு ஸ்ரிங்கையும் மற்றதில் ஒன்றையும் கொடுத்தால் பெட்டியே தேவையில்லை என்பார் மூன்றாமவர். விலையைப் பார்த்து முடிவெடுக்க முன்னர் பனலின் பின்பக்க லேபிளில் உள்ள இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று பனலின் சோர்ட் கரண்டான Isc, மற்றது Maximum Series Fuse Rating. இந்த அளவுப் பனல்களில் முதலாவது 14 அம்பியர் அளவிலும் இரண்டாவது பெரும்பாலும் 25 அம்பியராகவும் இருக்கும்.

அந்த 25 அம்பியர் பனல் தருகிற கரண்ட் இல்லை. வெளியிலிருந்து பனலுக்குள் பின்பக்கமாகப் பாயும் கரண்டைத் தடுக்கப் போடக்கூடிய ஆகப் பெரிய பியூஸின் அளவு அது. ஒரு ஸ்ரிங்கின் வோல்ற்றேஜ் மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்துவிட்டால், மற்ற ஸ்ரிங்குகள் தங்கள் கரண்டை அதற்குள் தள்ளும். பாலைமர நிழல் விழுந்தால் இது நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடக்காது. நிழலில் கரண்ட் விழுமே தவிர, திறந்த சுற்று வோல்ற்றேஜ் கொஞ்சம்தான் இறங்கும். ஆபத்தான அளவுக்குப் பின்னோட்டம் வர, ஸ்ரிங்கின் ஒரு பகுதி உண்மையிலேயே சோர்ட் ஆக வேண்டும். எலி கடித்த வயர் தகரத்தில் இரண்டு இடங்களில் தொட்டாலும், நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக் கரண்டை விடும் பைபாஸ் டயோட்டுகள் இடி மின்னலில் சோர்ட்டாகிப் போனாலும், ஒரு ஸ்ரிங்கில் 15 பனலுக்குப் பதில் 12 பனலை மட்டும் மாட்டிவிட்டாலும் அந்த நிலை வரும்.

எங்கள் ஆலையில் ஒரு ஸ்ரிங்கின் ஐந்து பனல்கள் இப்படிச் சோர்ட் ஆனதாக எடுப்போம். பனல் ஒன்றின் திறந்த சுற்று வோல்ற்றேஜான Voc 49.8 வோல்ற். நல்ல ஸ்ரிங் 747 வோல்ற், பழுதானது 498 வோல்ற். ஓடிக்கொண்டிருக்கும்போதுகூட நல்ல ஸ்ரிங்குகள் 620 வோல்ற் அளவில் நிற்பதால் பழுதானதற்குள் கரண்ட் பாயத் தொடங்கிவிடும். இங்கே பலர் கவனிக்காத விசயம் ஒன்று உண்டு: இன்வேட்டர் அடியில் உள்ள டிசி ஐசலேற்றரை நிறுத்தினால் நிலைமை மோசமாகும். இன்வேட்டர் எடுத்துக்கொண்டிருந்த பங்கும் போக வேறு வழியில்லாமல் பழுதான ஸ்ரிங்குக்குள்ளேயே திரும்பும். ஸ்ரிங்குகள் சேருமிடம் ஐசலேற்றருக்கு மேலே இருப்பதால், அந்தச் சுற்றை அது வெட்டுவதே இல்லை.

எப்போது பாதுகாப்பு வேண்டும் என்பதற்குச் சர்வதேசத் தரமான ஐஈசி 62548 தரும் கணக்கு எளிது:

```
(N − 1) × Isc > Maximum Series Fuse Rating
```

N என்பது ஒன்றாகச் சேர்க்கும் ஸ்ரிங்குகளின் எண்ணிக்கை. இடப்பக்கம் பெரிதாக வந்தால் ஒவ்வொரு ஸ்ரிங்குக்கும் பியூஸ் வேண்டும். இரண்டு ஸ்ரிங் என்றால் 14 அம்பியர்; பாதுகாப்புக்காக 1.25 ஆல் பெருக்கினாலும் 17.5. 25 ஐத் தொடவில்லை, பியூஸ் தேவையில்லை. மூன்று ஸ்ரிங் என்றால் 28. தேவை. ஆகவே மூன்றையும் வெறும் வை-கனெக்டரில் சேர்க்கும் முதல் யோசனை இங்கேயே விழுந்துவிடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு: சந்தையில் கிடைக்கும் வை-கனெக்டர்களில் பல 30 அம்பியர் அளவு கொண்டவை, மூன்று ஸ்ரிங் சேர்ந்தால் 40 அம்பியருக்கு அருகில் போகும். கொதிக்கும் தகரத்துக்கு மேலே முதலில் உருகுவது அந்த மூட்டுத்தான்.

அப்படியானால் பியூஸ் பெட்டி போட்டால் சரிதானே? இங்கேதான் கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோக வேண்டும். பியூஸின் அளவு Isc இன் 1.5 மடங்குக்கு மேலும் 2.4 மடங்குக்குக் கீழும் இருக்க வேண்டும், லேபிளில் உள்ள 25 ஐத் தாண்டவும் கூடாது. 14 ஐ 1.5 ஆல் பெருக்கினால் 21. 20 அம்பியர் பியூஸ் போதாது, அடுத்தது 25. வேறு தெரிவே இல்லை. சோலருக்கான gPV பியூஸ் தன் அளவின் 1.13 மடங்கில் எரியாது, 1.45 மடங்கு பாய்ந்தால்தான் ஒரு மணித்தியாலத்துக்குள் எரியும் என்பது உறுதி. 25 அம்பியர் பியூஸுக்கு அந்த எல்லை 36 அம்பியர். மூன்று ஸ்ரிங்கில் வரக்கூடிய பின்னோட்டமோ 28. உச்சி வெயிலில் 30, 31. அதாவது பியூஸ் சூடேறி இருந்துகொண்டே இருக்கும், எரியாமலும் போகலாம்.

பனல் தாங்குமா? ஐஈசி 61730 சோதனையில் பியூஸ் அளவின் 135 சதவீதத்தை, அதாவது 33.75 அம்பியரை, இரண்டு மணித்தியாலம் பின்பக்கமாகச் செலுத்திப் பார்க்கிறார்கள். எனவே 28 அம்பியரில் உடனே தீப்பிடிக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அது புதுப் பனலுக்குச் செய்யும் சோதனை. பத்து வருடம் வெயிலிலும் உப்பங்காற்றிலும் கிடந்த பனல் நாள் முழுக்க அதைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

ஆகவே மூன்று ஸ்ரிங்குக்கு எங்கள் தெரிவு மூன்றாமவர் சொன்னது: இரண்டும் ஒன்றுமாகப் பிரித்து இரண்டு எம்பிபிடியில் கொடுப்பது. எந்த ஸ்ரிங்குக்குள்ளும் 14 அம்பியருக்கு மேல் போக வழியே இருக்காது. பழுதாகப் பியூஸும் இல்லை, பெட்டியும் இல்லை. இரண்டு விசயங்களை மட்டும் இன்வேட்டரின் விபரத்தாளில் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்ரிங் சேரும் எம்பிபிடி, ஓடும்போது 26 அம்பியருக்கு மேல் எடுக்கக் கூடியதாகவும், சோர்ட் கரண்ட் எல்லை 35 அம்பியருக்குக் குறையாததாகவும் இருக்க வேண்டும். எம்பிபிடிகள் உள்ளே உண்மையிலேயே தனித்தனியானவையா என்பது மற்றது. சில இன்வேட்டர்களில் இரண்டு சோடி சொக்கெட் இருந்தாலும் உள்ளே ஒரே எம்பிபிடிதான். அப்படியென்றால் நீங்கள் பிரிக்கவில்லை, இன்வேட்டருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறீர்கள்.

நான்கு ஸ்ரிங் ஒன்றாகச் சேரும்போது கதை மாறுகிறது. மூன்று நல்ல ஸ்ரிங் சேர்ந்து 42 அம்பியரைத் தள்ளும். அது 25 இன் 1.68 மடங்கு, பியூஸ் கட்டாயம் எரியும். பனலுக்கும் இது சோதனை அளவைத் தாண்டிய கரண்ட், பியூஸ் இல்லாவிட்டால் எரிவது பனல்தான். கொம்பைனர் பெட்டிக்குச் செலவழிப்பதில் முழு அர்த்தம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. தோட்டக் கிணறுகளுக்கு ஒரே உள்ளீடு மட்டும் உள்ள பம்ப் கொன்ட்ரோலரில் நான்கைந்து ஸ்ரிங் சேர்ப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. பற்றரியோடு ஓடும் சின்ன வீட்டு அமைப்புகளிலும் இதே கணக்குத்தான்: பனல்களை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சேர்க்கும்போது ஒவ்வொரு பனலும் ஒரு ஸ்ரிங். 24 வோல்ற் தானே என்று விட்டுவிடுகிறார்கள், கரண்டுக்கு வோல்ற் தெரியாது.

பியூஸுக்குப் பதிலாக டிசி பிரேக்கர் போடலாமா என்றால், போடலாம், ஆனால் வாங்கும்போது முகப்பைப் பார்க்க வேண்டும். பிளஸ், மைனஸ் குறி போட்டிருந்தால் அது ஒரு திசைக் கரண்டை மட்டும் வெட்டத் தெரிந்த பிரேக்கர். உள்ளே இருக்கும் காந்தம் தீப்பொறியை அணைக்கும் அறைக்குள் தள்ளும். கரண்ட் எதிர்த்திசையில் வந்தால் அதே காந்தம் பொறியைத் தப்பான பக்கம் தள்ளி, பிரேக்கரையே எரிக்கும். நாங்கள் பாதுகாப்புத் தேடுவதே எதிர்த்திசைக் கரண்டுக்கு. எனவே திசைக்குறி இல்லாதது மட்டுமே பொருந்தும், அதன் விலையில் பியூஸ் மலிவு. கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் புளொக்கிங் டயோட் போடுவது பழைய பழக்கம். ஒரு வோல்ற் அளவு எப்போதும் விழும், 13 அம்பியரில் 13 வாற் சூடு. பழுதாகும்போது பெரும்பாலும் சோர்ட்டாகிப் போவதால் அது இல்லாத நிலைக்கே திரும்பிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

பெட்டிதான் என்று முடிவானால், ஹோல்டருக்குள் போவது 10×38 மில்லிமீற்றர், 1000 வோல்ற் டிசி, உடலில் gPV என்று அச்சிட்ட பியூஸ். அதே அளவில் ஏசிக்கான பீங்கான் பியூஸும் கடையில் கிடைக்கும், அழகாகப் பொருந்தியும் விடும். 700 வோல்ற் டிசியில் அது எரிந்த பிறகும் உள்ளே பொறி நின்று எரியும். நிலத்தோடு இணைக்காத அமைப்பு என்றால் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் பியூஸ் வேண்டும். பெட்டியை மேற்குச் சுவரில் பூட்டாதீர்கள். பிற்பகல் வெயிலில் உள்ளே 60 பாகை தாண்டும், அந்தச் சூட்டில் 15 அம்பியர் பியூஸ் 13 அம்பியரைக்கூடச் சரியாகத் தாங்காது. “பாதுகாப்புக்கு” என்று சின்னப் பியூஸ் போட்டவர்களுக்குக் கோடையில் அடிக்கடி பியூஸ் போவது இதனால்தான். வயர்களைக் கீழ்ப்பக்கத்தால் மட்டும் நுழையுங்கள், மேல்பக்க ஓட்டை ஐப்பசி மழையில் பெட்டியைத் தொட்டியாக்கும். பாவிக்காத ஓட்டைகளை அடையுங்கள். எறும்பும் பல்லியும் குடிவருவது அவற்றின் வழியாகத்தான், பல்லி இரண்டு முனைக்கும் நடுவில் ஓடினால் பிறகு அது பல்லியாக இருக்காது.

பியூஸ் எதற்கு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஸ்ரிங் தனக்குள்ளே சோர்ட் ஆனால் வரும் 14 அம்பியருக்கு 25 அம்பியர் பியூஸ் அசையாது. ஒரு ஸ்ரிங்கைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் அப்படித்தான்: மூன்று ஸ்ரிங்கில் ஒன்று தலைகீழாக இருந்தால் அதன் பியூஸில் 28 அம்பியர், எரியாது, மேலதிகக் கரண்ட் முழுக்கப் பைபாஸ் டயோட்டுகளைத் தின்னும். ஹோல்டரை மூட முன்னர் ஒவ்வொரு ஸ்ரிங்கையும் மீற்றரால் தொட்டுத் திசை பார்ப்பது ஒன்றே இதற்கு வழி.

பழுது பார்க்கப் போகும்போது ஒழுங்கு முக்கியம். இன்வேட்டரை நிறுத்தி, ஐசலேற்றரை இறக்கி, டிசி கிளாம்ப் மீற்றரை ஒவ்வொரு ஸ்ரிங் வயரிலும் மாட்டிப் பாருங்கள். எல்லாம் பூச்சியம் என்றால் மட்டும் ஹோல்டரைத் திறக்கலாம். ஐசலேற்றர் இறங்கியும் ஒரு வயரில் கரண்ட் காட்டினால் அங்கே பின்னோட்டம் நடந்துகொண்டிருக்கிறது. ஹோல்டரையும் தொடக்கூடாது, எம்சி4 கனெக்டரையும் இழுக்கக்கூடாது, இரண்டுமே ஓடும் கரண்டை வெட்டச் செய்தவை அல்ல, கையிலேயே பொறி பிடிக்கும். பொழுது படும்வரை பொறுத்திருங்கள்.

பியூஸ்களைத் திறந்த பிறகு, 1000 வோல்ற் தாங்கும் மீற்றரால் ஒவ்வொரு ஸ்ரிங்கையும் தனித்தனியாக அளவுங்கள். லேபிள் கணக்கான 747 வராது. நண்பகல் கூரைச் சூட்டில் 670 அளவில்தான் இருக்கும், எனவே ஸ்ரிங்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் 45 வோல்ற் அளவு குறைந்தால் ஒரு முழுப் பனல் போயிருக்கிறது. 15 வோல்ற் அளவு குறைந்தால் ஒரு பைபாஸ் டயோட் சோர்ட். வோல்ற் சரியாக இருந்தும் மாரி காலையில் இன்வேட்டர் இன்சுலேசன் பிழை காட்டி, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிறதென்றால், எங்கோ ஒரு வயர் முதல் தடவை தகரத்தைத் தொட்டுவிட்டது. அதை அப்போதே தேடுங்கள். பின்னோட்டத்துக்கு இன்னும் ஓர் இடத்தில் தொட்டால் போதும்.