எச்சரிக்கை: முகப்பழக்கத்துக்காகச் சுமந்த பார்சலுக்கு ₹45,000 அபராதம் கட்டினேன்

கடந்த வெள்ளிக்கிழமை அதிகாலையில் கோவை விமான நிலையத்தில் எனக்கு நேர்ந்ததை ஆத்திரம் அடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போய் வருகிற நம் பக்கத்துப் பெற்றோர் ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும். இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற நான், மூன்றே முறை பார்த்த ஒருவர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் என் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். அதனால் போனது ₹45,000. மஞ்சள் காட்டுக்கு எரு வாங்கவும் ஆள் கூலிக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த பணம் அது.

சார்ஜாவில் ரோலா பகுதியில் குடியிருக்கும் என் மகன் வீட்டில் நானும் என் மனைவியும் இரண்டு மாதம் தங்கியிருந்தோம். திரும்பி வருவதற்கான பயணச் சீட்டை அங்கே நம்மவர்கள் அதிகம் போகிற ஒரு சிறிய பயண முகவர் கடையில் எடுத்தோம். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கடவுச்சீட்டின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, தேநீர் கொடுத்து, மரியாதையாகப் பேசுகிற கடை என்று சொன்னால் போதும். அங்கே மேசையோரம் உட்கார்ந்திருந்த ஒருவர், வயது முப்பத்தைந்து இருக்கும், நான் பேசிய பேச்சைக் கேட்டுவிட்டு, "ஐயா, நீங்க கோபிப் பக்கங்களா? நான் காங்கேயத்துக்காரனுங்க" என்று எழுந்து நின்று கும்பிட்டார். அடுத்த அரை மணி நேரம் கண்ணபுரம் மாட்டுச் சந்தையைப் பற்றியும், அவருடைய அப்பா வைத்திருந்த மயிலைக் காளைகளைப் பற்றியும் பேசினார். வேற்று நாட்டில் நம் ஊர்ப் பேச்சைக் கேட்டால் மனம் இளகத்தான் செய்யும். அந்த இளக்கத்தைத்தான் அவர் எடைபோட்டுப் பார்த்திருக்கிறார் என்பது இப்போது புரிகிறது.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு வீட்டுக்கே வந்தார். நாங்கள் எந்த நாள், எந்த விமானத்தில் போகிறோம் என்பதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. கடையில்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். கையில் ஒட்டு நாடா சுற்றிய அட்டைப் பெட்டி, ஆறு கிலோ இருக்கும். "அக்கா குழந்தைக்குப் பால் பவுடரும் உடுப்பும், அம்மாவுக்கு மூட்டு வலித் தைலமும், கொஞ்சம் பிஸ்தாவுந்தானுங்க ஐயா. ஏர்போர்ட் வாசல்லயே என்ற மச்சான் வாங்கிக்குவாருங்க" என்றார். அவர் போன பிறகு என் மனைவி, "ஏனுங்க, எதுக்கும் ஒருக்காப் பிரிச்சுப் பாத்துப் போடுங்களே" என்று இரண்டு முறை சொன்னாள். நம்பிக் கொடுத்தவர் கட்டிய கட்டைப் பிரிப்பது மரியாதையாக இருக்காது என்று நான் மறுத்துவிட்டேன். சார்ஜா விமான நிலையத்தில் பெட்டியை எடைபோட்ட பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: இவற்றை நீங்களே அடுக்கினீர்களா, வேறு யாராவது ஏதாவது கொடுத்தார்களா? நானேதான் அடுக்கினேன் என்று பதில் சொன்னேன். அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அங்கேயே பெட்டியைத் திறந்திருப்பேன்.

கோவையில் இறங்கி, சுழல் பட்டையில் என் பெட்டி வந்தபோது அதன் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி ஒன்று போடப்பட்டிருந்தது. யாரோ சுமை ஏற்றுபவர் போட்ட அடையாளம் என்று நினைத்துக் கையால் துடைக்கக்கூடப் போனேன். பெட்டிகள் பட்டைக்கு வருவதற்கு முன்பே ஸ்கேன் செய்யப்படுகின்றன என்பதும், சந்தேகத்துக்குரிய பெட்டியில் சுங்கத் துறையினர் இட்டு வைக்கும் குறி அது என்பதும் எனக்குத் தெரியாது. அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நடந்தேன். அங்கே நிறுத்தினார்கள். அந்த வழியில் நடப்பதே, என் பெட்டியில் வரிக்கு உரியதோ தடை செய்யப்பட்டதோ எதுவும் இல்லை என்று நான் வாயால் சொன்னதற்குச் சமம் என்று பிறகு விளக்கினார்கள்.

இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு அட்டைப் பெட்டியை அறுத்தார்கள். மேலே அவர் சொன்னபடியே பால் பவுடர் டப்பா, மஞ்சள் நிறக் குழந்தைச் சட்டை இரண்டு, தைலம், பிஸ்தா. அதற்குக் கீழே ஒரு துண்டு விரிக்கப்பட்டிருந்தது. துண்டுக்கு அடியில் இருநூறு சிகரெட் கொண்ட கட்டுகள் ஐந்து, மின்சிகரெட்டுகள் அறுபது. ஒரு பயணி வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய சிகரெட் 100 மட்டுமே. என் பெட்டியில் 1,000 இருந்தது. அந்தச் சிகரெட் பெட்டிகளில் நம் நாட்டுச் சட்டம் கேட்கிற பெரிய எச்சரிக்கைப் படமும் இல்லை. மின்சிகரெட்டோ 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவுக்குள் கொண்டுவரவே கூடாத பொருள். முதல் முறை இறக்குமதி செய்தாலே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். என் வாழ்நாளில் பீடியைத் தொட்டவன் அல்ல நான். அந்த மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றேன்.

இது வேறொருவர் கொடுத்தது என்று சொன்னேன். அதிகாரி கடுமையாகப் பேசவில்லை. தினமும் கேட்கிற வாசகத்தைக் கேட்பவர் போல எழுதிக்கொண்டார். பெட்டியில் என் பெயருள்ள ஒட்டுச் சீட்டு, பச்சை வழியில் நடந்தவன் நான், எனவே பொறுப்பு என்னுடையது. சுங்கச் சட்டம் 108ஆவது பிரிவின்படி என் வாக்குமூலத்தை எழுதி வாங்கினார்கள். தனியாக நோட்டீஸ் வேண்டாம், இங்கேயே விசாரித்து முடித்துவிடுங்கள் என்று நான் எழுதிக் கொடுத்ததால் அன்றே உத்தரவு வந்தது. பொருள் முழுவதும் பறிமுதல். எனக்கு ₹45,000 அபராதம். பறிமுதலான பொருளின் மதிப்பு வரைக்கும் அபராதம் போடலாம் என்பதால், இதுவே குறைவுதான் என்றார் கூட இருந்த ஒருவர். என் தம்பி கோபியிலிருந்து காரில் வந்து பணத்தைக் கட்டினான். வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வாசலில் காத்திருப்பதாகச் சொன்ன மச்சான் யாரும் இல்லை.

இனி அந்தக் கடையின் பதில்கள். முதல் முறை கூப்பிட்டபோது, "அவரா, சும்மா வந்து போவாருங்க, எங்க ஆளு இல்ல" என்றார்கள். என் பயண நாள் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டதும், முதலாளி வெளியே போயிருக்கிறார் என்றார்கள். மறுநாள் முதலாளியே பேசினார். "பெரியவரே, உங்க பெட்டிக்கு நீங்கதானே பொறுப்பு" என்று எனக்குச் சட்டம் சொல்லித் தந்தார். மூன்றாம் முறை என் மகன் நேரில் போனான். நாற்காலிகூடக் காட்டவில்லையாம். காங்கேயத்துக்காரரின் எண்ணோ வெள்ளிக்கிழமையிலிருந்து அணைந்தே கிடக்கிறது.

கொடுமை அதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வீட்டு வாசலுக்கு வந்து, சரக்கு உங்கள் கையில்தான் போனது, எனவே ஒரு லட்சத்து இருபதாயிரம் நீங்கள்தான் தர வேண்டும் என்றார்கள். என் விலாசம் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதன் நகல் இருந்த ஒரே இடம் அந்தக் கடை. பறிமுதல் உத்தரவின் நகலைக் காட்டிய பிறகும் அவர்கள் குரலை உயர்த்தினார்கள். அக்கம்பக்கத்தார் கூடியதும் போனார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். பார்சல் பிடிபட்டால் சுமந்தவரிடமே விலையைக் கேட்டு மிரட்டுவதும் இந்தத் தொழிலில் ஒரு பகுதி என்பதை அங்கேதான் சொன்னார்கள். ஆகவே அப்படி யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உத்தரவின் நகலோடு நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

எனக்குப் போனது ₹45,000. அந்தத் துண்டுக்கு அடியில் போதைப்பொருள் இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். போதைப்பொருள் சட்டத்தில் பொருள் கையில் இருந்தாலே, தெரிந்துதான் வைத்திருந்தார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். சிங்கப்பூரிலும் அப்படியே. இங்கிருந்து அங்கே போகும்போதும் கவனம் வேண்டும். குருமாவுக்கு நாம் அரைக்கிற கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். கொடுப்பவர் கெட்ட எண்ணம் இல்லாமலே பொடிப் பொட்டலத்துக்குள் அதை வைத்துவிடலாம், பிடிபடுவது நீங்கள்.

எப்படி மறுப்பது என்பதை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்து விரிவாக எழுதும் மனநிலையில் நான் இல்லை. பயண நாளை வெளியாரிடம் சொல்லாதீர்கள். எடை இல்லை என்று காரணம் சொல்லாதீர்கள். கூடுதல் எடைக்குப் பணம் நான் கட்டுகிறேன் என்பார்கள், பிறகு மறுக்க வழி இருக்காது. பழியைப் பிள்ளைகள் மேல் போடுங்கள்: "பையன் யாரோடதும் எடுத்து வரக் கூடாதுன்னு கண்டிசனா சொல்லிப் போட்டானுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க." இதற்கு யாரும் பதில் பேச முடியாது. உதவி செய்யும் மனம் இருந்தால், "கூரியர்ல போட்டுருங்க, நான் வேணும்னாலும் கூட வர்றேனுங்க" என்று சொல்லுங்கள். ஒளிக்க ஏதாவது வைத்திருப்பவர் அந்த இடத்திலேயே பேச்சை மாற்றிவிடுவார். மறுக்கவே முடியாத உறவு என்றால், அவர் கண் முன்னால் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து, அடியில் கை விட்டுப் பார்த்து, நீங்களே மறுபடியும் கட்டுங்கள். அதற்கு முகம் சுளித்தால் பொட்டலத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்னைப் போல வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டு அங்கே சந்தேகம் வந்தால், பச்சை வழிக்குப் போகாமல் சிவப்பு வழியில் இருக்கும் மேசைக்கு நீங்களே போய், இது இன்னார் கொடுத்தது, உள்ளே என்னவென்று எனக்குத் தெரியாது, திறந்து பாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.