போலிக் கையொப்பமா, தகாத செல்வாக்கா: எதைச் சொல்லி மரணசாசனத்தை எதிர்ப்பது?

மாங்குளத்து ஐயாவின் மரணசாசனம் வீடு, வயல் எல்லாவற்றையும் உடனிருந்த மகனுக்கே தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மகள் எதிர்க்கிறார்.

நிரூபிக்கும் பொறுப்பு
போலி: கையொப்பம் தந்தையுடையதே என்று காட்ட வேண்டியவர் சாசனத்தை முன்வைத்த மகன்.
செல்வாக்கு: பாரம் மகளுடையது. கெஞ்சலும் பாசமும் போதா. தந்தையின் சொந்த விருப்பத்தையே முறித்த வற்புறுத்தலைக் காட்ட வேண்டும்.

சான்று
போலி: வங்கிப் படிவங்களிலும் பழைய உறுதிகளிலும் உள்ள கையொப்பங்கள், அன்று தந்தை ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் அந்தப் பதிவு. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிருந்தார்களா என்றும் துருவலாம். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும்.
செல்வாக்கு: மூடிய அறையில் நடந்ததற்குச் சாட்சி கிடைப்பது அரிது.

கையொப்பம் ஐயாவுடையதாகவே தெரிந்தால் போலி என்று வாதிடுவது வீண். நொத்தாரிசை அழைத்ததும் வாசகத்தைச் சொன்னதும் மகன் என்றால், அந்தச் சந்தேகத்தையே முன்வைப்பது நல்லது. தந்தை அறிந்தே ஒப்பமிட்டார் என்று விளக்கும் பாரம் அப்போது மகனிடம் போகும். கையொப்பமே வேறாக இருந்தால் போலி வாதம். நேரில் கண்ட சாட்சி இருந்தால் மட்டும் செல்வாக்கு.

வன்னிக்காரர் முதலில் பார்க்க வேண்டியது வேறு: வயல் அனுமதிப்பத்திரக் காணியா? அதற்குப் பின்னுரித்தாளர் நியமனமே முக்கியம்.