280 மில்லிவினாடியில் ஒரு மேடு: டிசிபியின் மறுஅனுப்பல் கடிகாரத்துடன் மூன்று ஆண்டுகள்

இரண்டு தரவு மையங்களுக்கு இடையே ஓடும் ஒரு சேவையை மூன்று ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். ஒரு மையத்தில் உள்ள செயலி சிறிய கேள்வியை அனுப்பும். மறு மையத்தில் உள்ள தரவுத்தளம் சிறிய பதிலைத் தரும். இரண்டும் தலா ஒரே பாக்கெட்டில் அடங்கிவிடும். போய்வரும் நேரம் ஏறக்குறைய மாறாமல் 40 மில்லிவினாடி. இதே பாதையில் இரவு நேரத்தில் பெரிய காப்புக் கோப்புகளும் நகலெடுக்கப்படுகின்றன. தரவைப் பாக்கெட்டுகளாக அனுப்பி, தொலைந்தவற்றை மீண்டும் அனுப்பும் நெறிமுறையான டிசிபியின் இழப்பு மீட்பு முறைகளில் நான் கற்றதெல்லாம் இவ்விரு போக்குவரத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் கிடைத்ததுதான்.

தொடக்கத்தில் குறை சொன்னவர்கள் எல்லோரும் கேள்வி–பதில் பக்கத்தில் இருந்தார்கள். சராசரியைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பதில் நேரங்களைப் பரவல் வரைபடமாக வரைந்த பிறகுதான் காரணம் புலப்பட்டது: 40இல் ஒரு பெரிய மேடு, அதன்பின் நீண்ட வெறுமை, 280இல் ஒரு சிறிய மேடு, 760இல் அதைவிடச் சிறிய இன்னொன்று. நெரிசலாலோ தரவுத்தளத்தின் மந்தத்தாலோ வரும் தாமதம் இப்படிக் குறிப்பிட்ட இடங்களில் குவியாது, பரவிக் கிடக்கும். குவிந்து நிற்பது ஏதோ ஒரு கடிகாரத்தின் வேலை என்று அப்போதே சந்தேகம் எழுந்தது. இணைப்பைக் கேட்டதும் அது உறுதியானது.

```
ss -tin dst 10.20.0.5
... rto:240 rtt:40/0.6 ...
```

கேள்வி தொலைந்தால் 240 மில்லிவினாடி கழித்து மீண்டும் அனுப்பப்படுகிறது, பதில் வர மேலும் 40 ஆகிறது, மொத்தம் 280. இரண்டாம் முறையும் தொலைந்தால் காலக்கெடு இருமடங்காகி 480 ஆகிறது. 240, 480, 40 மூன்றையும் கூட்டினால் 760. வரைபடம் சொன்ன எண்களே கணக்கிலும் வந்தன.

ஆனால் போய்வரும் நேரம் 40 ஆக இருக்கும்போது காலக்கெடு ஏன் 240? பாக்கெட் வந்து சேர்ந்ததை எதிர்முனை அறிவிக்கும் ஒவ்வொரு ஒப்புகையிலிருந்தும் டிசிபி இரண்டு எண்களைப் பராமரிக்கிறது. ஒன்று மென்மையாக்கிய சராசரி. புதிய அளவீட்டின் எட்டில் ஒரு பங்கு அதில் சேர்கிறது. மற்றொன்று அச்சராசரியிலிருந்து அளவீடுகள் எவ்வளவு விலகுகின்றன என்பது. அதில் நான்கில் ஒரு பங்கு சேர்கிறது. காலக்கெடு என்பது சராசரியுடன் விலகலின் நான்கு மடங்கைக் கூட்டியது. விலகலைக் கணக்கில் சேர்த்தவர் வேன் ஜேக்கப்சன். அவருடைய 1988ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு முன், சராசரியை ஒரு நிலையான எண்ணால் பெருக்குவதே வழக்கமாக இருந்தது. அந்த வழியில், அளவீடு அலையாத பாதையில் வீணாகக் காத்திருக்க நேர்ந்தது. அலையும் பாதையில் அவசரப்பட்டு அனுப்ப நேர்ந்தது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். சராசரி 40, விலகல் 4 என்று இருக்கையில் திடீரென 80 என்ற அளவீடு வந்தால், விலகல் 13 ஆக உயர்கிறது, சராசரியோ 45க்குத்தான் நகர்கிறது. காலக்கெடு 56இலிருந்து 97க்குத் தாவுகிறது. ஒரே ஒரு தடுமாற்றத்திற்கே இது இவ்வளவு எச்சரிக்கை அடைவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

எங்கள் பாதையிலோ விலகல் ஒரு மில்லிவினாடியைத் தொடவில்லை. சூத்திரத்தை அப்படியே விட்டால் காலக்கெடு 40ஐ ஒட்டிச் சுருங்கிவிடும், அது ஆபத்து. எதிர்முனை தன் ஒப்புகையைச் சற்றுத் தாமதித்து அனுப்பலாம் என்பதால், தொலையாத பாக்கெட்டையும் தொலைந்ததாக எண்ணும் நிலை வரும். ஆகவே இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 6298, காலக்கெடு ஒரு வினாடிக்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைக்கிறது. லினக்ஸ் அதைவிடத் துணிச்சலாக 200 மில்லிவினாடியை எடுத்துக்கொள்கிறது. அதுவும் மொத்தத்திற்கான கீழ்வரம்பாக அல்லாமல், விலகல் பகுதிக்கான கீழ்வரம்பாக. அதனால்தான் 40உடன் 200 கூடி 240 வந்தது. இந்த நுணுக்கம் தெரியாமல் நான் ஒரு வாரம் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

காப்புக் கோப்புகளின் பக்கம் கதையே வேறு. அங்கு தொலையும் பாக்கெட்டுகளின் எண்ணிக்கை பல மடங்கு அதிகம். ஆனாலும் ஒருவரும் குறை சொன்னதில்லை. நூறு பாக்கெட்டுகள் ஓடிக்கொண்டிருக்கையில் பதினேழாவது தொலைந்தால், அதன் பின்னால் வரும் ஒவ்வொன்றுக்கும் பெறுநர் "பதினேழுக்குக் காத்திருக்கிறேன்" என்று அதே ஒப்புகையைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார். அவ்வாறு மூன்று நகல் ஒப்புகைகள் வந்து சேர்ந்ததும் அனுப்புநர் கடிகாரத்திற்காகக் காத்திராமல் பதினேழை உடனே மீண்டும் அனுப்புகிறார். இழப்பின் விலை ஏறக்குறைய ஒரு போய்வரும் நேரம், அதாவது 40 மில்லிவினாடி. ஒன்றிரண்டு நகல்களுக்கே பதறாமல் மூன்று வரை பொறுப்பதற்குக் காரணம் உண்டு: பாக்கெட்டுகள் வரிசை மாறி வந்தாலும் நகல் ஒப்புகைகள் எழும். எங்கள் சேவையின் ஒற்றைப் பாக்கெட்டுக்குப் பின்னால் வேறெதுவும் வருவதில்லை. ஆகவே அதைப் பற்றிப் புகார் சொல்ல ஒரு நகல் ஒப்புகையும் பிறப்பதில்லை. அதற்குக் கடிகாரம் ஒன்றே கதி.

இவ்விரண்டில் எது நடக்கிறது என்பதை அறிய நான் இன்றும் பார்ப்பது இந்த இரு எண்ணிகளைத்தான்:

```
nstat -az TcpExtTCPTimeouts TcpExtTCPFastRetrans
```

இரவில் இரண்டாவது எண்ணி ஏறும். பகலில் முதலாவது ஏறும். மொத்த மறுஅனுப்பல் விகிதத்தை மட்டும் காட்டும் கண்காணிப்புப் பலகை இந்த வேறுபாட்டை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. கடைசிப் பாக்கெட் இழப்பைக் காலக்கெடுவுக்கு முன்பே சோதித்துப் பார்க்கும் வால் இழப்புச் சோதனை லினக்ஸில் இயல்பாகவே இயங்குகிறது. ஆனால் ஒரே ஒரு பாக்கெட் மட்டும் பாதையில் இருக்கும்போது, எதிர்முனையின் தாமத ஒப்புகைக்காக அதுவும் கூடுதலாகக் காத்திருப்பதால், எங்களுக்கு அதனால் பயன் கிடைக்கவில்லை.

இறுதியில் உள் வலையமைப்புக்கான தடத்தில் மட்டும் கீழ்வரம்பைக் குறைத்தோம்.

```
ip route change 10.20.0.0/16 via 10.10.0.1 dev eth0 rto_min 60ms
```

முதலில் செயலியின் பக்கத்தில் மட்டும் மாற்றினேன். 280 மேட்டில் ஏறக்குறைய பாதி அப்படியே நின்றது. தொலைந்தது கேள்வியாக இல்லாமல் பதிலாக இருந்தால், அதை மீண்டும் அனுப்புவது தரவுத்தளத்தின் கடிகாரம் அல்லவா! அங்கும் மாற்றிய பிறகு மேடு 140க்கு நகர்ந்தது. இரண்டாவது மேடு 340இல் வந்து அமர்ந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. லினக்ஸின் தாமத ஒப்புகை பெரும்பாலும் 40 மில்லிவினாடியில் முடிந்துவிடுவதால் 100 என்ற காலக்கெடு தாங்குகிறது. வேறு இயங்குதளம் கொண்ட ஒரு கணினியை அந்தத் தடத்தில் சேர்த்த மாதத்தில், அதன் ஒப்புகைகள் 200 வரை தாமதித்ததால், தேவையற்ற மறுஅனுப்பல்கள் பெருகின. ஒரே தரவு இருமுறை வந்ததாக எதிர்முனை சொல்வதைக் கணக்கிடும் `TcpExtTCPDSACKRecv` எண்ணி ஏறியதிலிருந்து அதைக் கண்டுபிடித்தோம். அந்தக் கணினிக்கு மட்டும் தனித் தடம் எழுதி, பழைய 200ஐயே அதற்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். காப்புக் கோப்புகளின் தடத்தை நாங்கள் தொடவே இல்லை. அங்கு வீணாக ஒருமுறை காலக்கெடு தீர்ந்தாலே அனுப்பும் சாளரம் ஒரு பாக்கெட் அளவுக்குச் சுருங்கி, மீண்டும் ஏறவேண்டியிருக்கும்.

வரைபடத்தில் இன்னும் ஒரு மேடு எஞ்சியிருக்கிறது, 1080இல். புதிய இணைப்பின் முதல் பாக்கெட் தொலையும்போது அளவீடு எதுவும் கையில் இல்லாததால் டிசிபி ஒரு வினாடி காத்திருக்கிறது. பிறகு இணைப்புக்கு 40, கேள்விக்கு 40. இணைப்புகளை மூடாமல் வைத்திருக்கத் தொடங்கியதிலிருந்து அது அரிதாகிவிட்டது. செயலியை மறுதொடக்கம் செய்யும் நாள்களில் மட்டும் சில புள்ளிகள் அங்கே தென்படுகின்றன.